வேலையை விட எவ்வளவு பணம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு, 51 வயதில் வேலையை விட்டேன். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், முடிதிருத்தும் கடையில் காத்திருந்தாலும் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். கணவருக்கு வயது 45, மனைவிக்கு 43. சொந்த வீடு, கடன் இல்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். ரூபாய்க் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டது. உங்கள் எண்ணை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சுற்றி வளைக்காமல் ஒரு சூத்திரம் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தேவைப்படும் நிதி = ஓர் ஆண்டுச் செலவு ÷ எடுப்பு விகிதம். எடுப்பு விகிதம் என்பது, சேர்த்த பணத்தில் முதல் ஆண்டு எத்தனை சதவீதத்தை எடுத்துச் செலவழிக்கலாம் என்பது. 4 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும். 3 சதவீதம் என்றால் 33 மடங்குக்குச் சற்று மேல்.

வகுத்தல் கணக்கு இவ்வளவுதான். ஆனால் மேலே இருக்கும் செலவையும் கீழே இருக்கும் சதவீதத்தையும் பெரும்பாலோர் தவறாகப் போடுகிறார்கள். இரண்டும் தவறும் திசை ஒன்றுதான்: தேவை குறைவாகத் தெரியும்.

"எங்களுக்கு மாதம் 40,000 ரூபாய் போதும். அப்படியானால் வருடத்துக்கு 4,80,000 தானே?"

இல்லை. மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கினால் மளிகை, பால், காய்கறி, மின்கட்டணம், பெட்ரோல், கைபேசிக் கட்டணம் ஆகியவைதான் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை வருபவை அதில் இல்லை. நம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 45,000, சொத்து வரியும் வண்டிக் காப்பீடும் 25,000, தீபாவளி பொங்கல் துணிமணி 50,000, மொய்யும் செய்முறையும் 40,000, குலதெய்வம் கோயிலுக்கும் ஓர் ஊர்ப் பயணத்துக்கும் 40,000. கூட்டினால் 2,00,000.

அடுத்து, எட்டு பத்து வருடத்துக்கு ஒருமுறை வருபவை. இவற்றைத்தான் ஒருவரும் எழுதுவதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்து, மொட்டைமாடித் தளத்தைச் சரிசெய்ய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை 3,20,000 என்றால் ஆண்டுக்கு 40,000. பழைய காரை விற்ற பணம் போக, புதிய காருக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை 7,00,000 என்றால் ஆண்டுக்கு 70,000. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கைபேசி, மோட்டார் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 30,000. இது 1,40,000. கடைசியாக, பணத்தை எடுக்கும்போது கட்ட வேண்டிய வருமான வரிக்கு 20,000. மொத்தம் 8,40,000 ரூபாய். மாதம் 40,000 என்று நினைத்தவருக்கு உண்மையில் மாதம் 70,000 தேவைப்படுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை கணக்கு எழுதியவன் தாய்மாமன் சீரை மறந்துவிட்டேன். வேலையை விட்ட முதல் வருடமே தங்கை மகளுக்குக் காதுகுத்து, அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒன்றரை லட்சம் போயிற்று. கொடுத்தது திரும்பி வரும் என்பார்கள். நம் வீட்டில் விசேஷம் வைத்தால்தானே வரும்? ஆகவே நினைவிலிருந்து எழுதாதீர்கள். மூன்று வருட வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, வெளியே போன மொத்தத் தொகையிலிருந்து சேமிப்பையும் முதலீட்டையும் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் செலவு. நம்ப மனம் வராது, அதுதான் உண்மை.

"எல்லோரும் 25 மடங்கு என்கிறார்கள். இந்த 4 சதவீதத்தை யார் கண்டுபிடித்தது?"

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர். 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். 1926இலிருந்து அந்த நாட்டின் பங்குச் சந்தையும் அரசுக் கடன் பத்திரங்களும் தந்த வருவாயை எடுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துப் பார்த்தார். பாதியோ அதற்கு மேலோ பங்குகளில், மீதி பத்திரங்களில். முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான ஆண்டில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியது. அந்த மோசமான ஆண்டுகள் 1960களின் பிற்பகுதியில் வருகின்றன. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் சந்தை சரிந்து, கூடவே விலைவாசியும் எகிறிய காலம். 1998இல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதே வகைக் கணக்கை விரிவாகச் செய்தபின் 4 சதவீதம் ஊர் உலகமெல்லாம் பரவியது. பெங்கனே பின்னாளில் கூடுதல் வகைப் பங்குகளைச் சேர்த்துப் பார்த்து, தன் எண்ணை 4.7 வரை உயர்த்திக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: அது அமெரிக்காவின் வரலாறு, அது 30 ஆண்டுக்கான கணக்கு. ஜப்பானில் 1989 கடைசியில் நிக்கேய் குறியீடு தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 வரை ஆயிற்று. அங்கே 1989இல் ஓய்வு பெற்றவரிடம் 25 மடங்கு என்று சொல்லியிருக்க முடியாது.

"சரி, நம் ஊருக்கு எத்தனை சதவீதம் போடலாம்?"

நான் 45 வயதில் விடுபவருக்கு 3, 60 வயதில் விடுபவருக்கு 3.5 போடுகிறேன். நம் குடும்பத்துக்கு 8,40,000ஐ 3 சதவீதத்தால் வகுத்தால் 2 கோடியே 80 லட்சம். 4,80,000 என்ற செலவையும் 4 சதவீதத்தையும் நம்பியிருந்தால் 1 கோடியே 20 லட்சத்தில் வேலையை விட்டிருப்பார்கள்.

ஏன் 3? சென்செக்ஸ் கணக்கு 1979இலிருந்துதான் தொடங்குகிறது. 45 வயதுக்காரர் 90 வரை இருந்தால் 45 ஆண்டுகள் வேண்டும். அப்படி முழு நீளக் காலம் நம் தரவில் ஒன்றிரண்டுதான் தேறும். அதை வைத்து 'மிக மோசமான ஆண்டு' எது என்று சொல்ல முடியாது. ஆகவே வரலாற்றை விட்டுவிட்டு எளிய கேள்வி ஒன்றைக் கேட்கிறேன்: பணம் 45 ஆண்டு தாங்க, விலைவாசி ஏற்றத்துக்கு மேல் அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்க வேண்டும்? 4 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 3 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். 3 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை போதும். விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், வரி போக 9 சதவீதம் வேண்டுமா, ஏழரை வேண்டுமா என்பதுதான் கேள்வி. பாதிப் பங்கு, பாதி டெபாசிட் என்று வைத்திருப்பவர் இரண்டாவதை எதிர்பார்க்கலாம். முதலாவதை 45 ஆண்டுகளுக்கு நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

"வங்கியில் 7 சதவீதம் வட்டி கிடைக்கிறது. 8,40,000 வேண்டுமென்றால் 1 கோடியே 20 லட்சம் போட்டால் போதுமே?"

முதல் வருடம் போதும். இரண்டாம் வருடமும் வட்டி அதே 8,40,000தான். ஆனால் 6 சதவீத விலையேற்றத்தில் செலவு 8,90,400 ஆகிவிடும். பற்றாக்குறைக்கு அசலில் கை வைப்பீர்கள். அசல் குறைய வட்டி குறையும், வட்டி குறைய இன்னும் கூடுதலாக அசலில் கை போகும். பன்னிரண்டு வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். கடைசிவரை கணக்குப் போட்டால் சுமார் 15 ஆண்டில் இருப்பு சுழியம், அதுவும் வட்டிக்கு வரியே இல்லை என்று வைத்து. அப்போது கணவருக்கு 60 வயது. மற்றவர்கள் ஓய்வு பெறத் தொடங்கும் நேரம்.

டெபாசிட்டைப் பழிப்பதாக நினைக்க வேண்டாம். என் பணத்திலும் பாதி அங்கேதான் இருக்கிறது. அதன் வட்டி முழுவதையும் வருமானம் என்று எண்ணுவதுதான் தவறு. 7இல் 6 விலைவாசிக்குப் போகிறது. உண்மையில் உங்களுடையது ஒன்று.

"பங்கு ஃபண்டில் நீண்ட காலத்துக்கு 12 சதவீதம் வரும் என்கிறார்கள். 6 எடுத்தால் 6 மிஞ்சுமே?"

சராசரி 12 வந்தாலும் அது எந்த வரிசையில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு சேமிப்பவருக்கு வரிசை அவ்வளவு முக்கியமில்லை. பணத்தை எடுப்பவருக்கு அதுதான் உயிர்.

சிறிய கணக்கு ஒன்று. இருவரிடம் தலா 100 லட்சம். இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 லட்சம் எடுக்கிறார்கள். முதலாமவருக்குச் சந்தை 40 சதவீதம் விழுந்து, அடுத்த ஆண்டு 20 ஏறி, அதற்கடுத்த ஆண்டு 40 ஏறுகிறது. இரண்டாமவருக்கு அதே மூன்று எண்கள் தலைகீழாக: முதலில் 40 ஏற்றம், பிறகு 20 ஏற்றம், கடைசியில் 40 சரிவு. எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே தொகைதான், 100.8 லட்சம். எடுத்ததால் முதலாமவரிடம் மிஞ்சுவது 76.3 லட்சம், இரண்டாமவரிடம் 86.8 லட்சம். மூன்றே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் வேறுபாடு. சரிந்த விலையில் விற்ற யூனிட்டுகள், சந்தை மீளும்போது அவரிடம் இல்லை. அதுதான் காரணம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியிருந்தது. 2003 ஏப்ரலில் 3,000 பக்கம் இருந்தது. ஈவுத்தொகையைச் சேர்த்துக்கொண்டாலும், பதினோரு வருட விலைவாசியை அது ஈடுகட்டாது. 2008இல் ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. இதனால்தான் இரண்டு, மூன்று ஆண்டுச் செலவை, நம் குடும்பத்துக்கு ஏறத்தாழ 25 லட்சத்தை, டெபாசிட்டில் தனியே வைக்கச் சொல்கிறேன். சந்தை விழுந்த ஆண்டில் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். பங்கை விற்க வேண்டாம்.

"ஒவ்வொரு வருடமும் அப்போது இருக்கும் பணத்தில் 3 சதவீதமா, முதலில் இருந்ததில் 3 சதவீதமா?"

இரண்டும் இல்லை. 3 சதவீதம் முதல் ஆண்டுக்கு மட்டும்தான்: 8,40,000. அதன்பிறகு அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு விலைவாசி 6 ஏறினால் 8,90,400, அதற்கடுத்தது 9,43,824. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் தொகை இப்படியேதான் போகும். பெங்கன் சோதித்ததும் இந்த முறையைத்தான்.

இருப்பில் 3 சதவீதம் என்று எடுத்தால் பணம் என்றைக்கும் தீராது, உண்மை. ஆனால் சந்தை பாதியாகும் வருடத்தில் வீட்டுச் செலவையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரர் சந்தை நிலவரம் பார்த்து விலை போடுவதில்லை.

"எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. 2 கோடியே 80 லட்சம் சேர்ந்ததும் விட்டுவிடலாமா?"

கூடாது. அது இன்றைய விலையில் போட்ட தொகை. ஐந்து ஆண்டு கழித்து, 6 சதவீத ஏற்றத்தில், இதே வாழ்க்கைக்கு ஆண்டுக்கு 11,24,000 வேண்டும். 3 சதவீதத்தால் வகுத்தால் 3 கோடியே 75 லட்சம். இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த வருடச் செலவை வைத்துப் புதிதாக வகுத்துப் பாருங்கள்.

"சொந்த வீடு 80 லட்சம் பெறும், நகை இருக்கிறது. இவற்றைச் சேர்க்கலாமா?"

குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காதீர்கள். வாடகை மிச்சமாவதன் மூலம் அது ஏற்கெனவே உங்கள் செலவுக் கணக்கில் வந்துவிட்டது; மறுபடியும் சேர்த்தால் இரட்டை எண்ணிக்கை. கழுத்திலும் லாக்கரிலும் இருக்கும் நகையை விற்க உங்கள் வீட்டில் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

வாடகைக்கு விட்ட வீடு என்றால் கதை வேறு. அதன் விலையைப் பார்க்காமல், வாடகையைச் செலவில் கழியுங்கள். மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. ஆள் இல்லாத மாதம், பழுது, வரி போகக் கையில் நிற்பது 1,40,000 என்று வைப்போம். 8,40,000 இல் அதைக் கழித்தால் 7,00,000. தேவை 2 கோடியே 33 லட்சமாகக் குறைகிறது. மகளின் படிப்பும் கல்யாணமும் இந்தச் சூத்திரத்துக்குள் வராது. அவை ஒருமுறை போகும் தொகைகள்; மேலே சொன்ன நிதிக்கு வெளியே தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

"காப்பீடு இருக்கிறது. மருத்துவச் செலவுக்குத் தனியாக எதற்கு?"

இரண்டாவது பதிலில் போட்ட 45,000 இன்றைய வயதுக்கான பிரீமியம். வயது ஏற ஏற அது பொது விலைவாசியை விட வேகமாக ஏறும். காப்பீடு தராத செலவுகளும் உண்டு: தினமும் விழுங்கும் மாத்திரை, பல், கண்ணாடி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வேலையை விட்டதும் நிறுவனத்தின் குழுக் காப்பீடும் போய்விடும் என்பதால், வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுத்துவிடுங்கள். நான் கூடுதலாக 20 லட்சத்தை ஒதுக்கி, அதை நிதியில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

"மனைவிக்கு 15 வருடம் கழித்து ஓய்வூதியம் வரும். அதை எப்படிக் கழிப்பது?"

வாடகையைப் போல நேரடியாகக் கழிக்க முடியாது, ஏனென்றால் இடையில் 15 ஆண்டுகள் இருக்கின்றன. கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு 2,00,000 வரும் என்று வைப்போம். என்றைக்கும் தேவைப்படுவது மீதமுள்ள 6,40,000. அதற்கு 3 சதவீதத்தில் 2 கோடியே 13 லட்சம். ஓய்வூதியம் தொடங்கும்வரை இடைவெளியை நிரப்ப 15 தடவை 2,00,000, அதாவது 30 லட்சம். இந்தப் பணம் விலைவாசியோடு சமமாக வளர்ந்தால் போதும். ஆக 2 கோடியே 43 லட்சம். முழுத் தொகையை விட 37 லட்சம் குறைவு.

ஆனால் இது அகவிலைப்படியோடு ஏறும் ஓய்வூதியத்துக்கு மட்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் பென்ஷன் விலைவாசியோடு ஏறாது. அதைக் கழிக்கவே வேண்டாம். வந்தால் மருந்துச் செலவுக்கு ஆகும்.

"வேலையை விட்டாயிற்று. கணக்கு பிசகுகிறது என்று எப்படித் தெரியும்?"

வருடத்துக்கு ஒருமுறை, இந்த ஆண்டுச் செலவை இன்றைய இருப்பால் வகுத்துப் பாருங்கள். நம் குடும்பம் 3இல் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்துச் செலவு 9,44,000, சந்தை விழுந்து இருப்பு 1 கோடியே 90 லட்சம் என்றால் விகிதம் 5ஐத் தொட்டுவிட்டது. முதல் பத்து ஆண்டுக்குள் 4 வரை போனால் நான் கண்டுகொள்ள மாட்டேன். 5ஐத் தொட்டால் செலவில் கை வைப்பேன். அந்த ஆண்டு காருக்கு ஒதுக்குவதையும் பயணத்தையும் நிறுத்தினால் விலையேற்றத்தோடு சேர்த்து 1,24,000 குறையும், விகிதம் 4.3க்கு இறங்கும். அதுவும் போதவில்லை என்றால் ஓரிரு ஆண்டு பகுதிநேர வேலை. 47 வயதில் அது கிடைக்கும், 70இல் கிடைக்காது. அதனால்தான் ஆரம்ப ஆண்டுகளில் இவ்வளவு கண்டிப்பு.

75 வயதில் இதே 5 வந்தால் பதற வேண்டாம். 100ஐ 5ஆல் வகுத்தால் 20. பணம் விலைவாசியோடு மட்டும் வளர்ந்தாலும் இன்னும் 20 ஆண்டு வரும். போன ஏப்ரலில் எனக்கு 3.8 வந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டோம், கார் மட்டும் பழையதுதான் ஓடுகிறது.